விசாவில் ஓர் எழுத்து குறைந்தால்

பாஸ்போர்ட்டில் SARAVANAN என்று இருக்கிறது. ஐரோப்பாவின் ஷெங்கன் விசா ஸ்டிக்கரிலோ SARVANAN. ஓர் எழுத்துதானே என்று விட்டுவிடக் கூடாது. அந்த ஸ்டிக்கரின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் உண்டு. அங்கும் பெயர் இருக்கும். அது பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாவிட்டால், விமான நிலைய கவுன்டரிலேயே பயணம் சிக்கலாகிவிடும். பேனாவால் நாமே திருத்தினாலோ, விசாவே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

கடிதம் எழுதும் முன், அது உண்மையிலேயே பிழைதானா என்று பாருங்கள். ஷெங்கன் விசாவில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகக் கொடுத்தவர்களுக்கு அப்பா பெயர் முன்னால் நிற்கும், அது சரிதான். தேதியிலும் இப்படி ஒரு குழப்பம் உண்டு. ஜூன் 2 முதல் 14 வரை 13 நாள் பயணத்துக்கு விண்ணப்பித்தவரின் விசாவில் ஜூன் 29 வரை செல்லும் என்று இருக்கலாம். பயணம் தள்ளிப்போனால் உதவட்டும் என்று பொதுவாக 15 நாள் கூட்டித் தருவார்கள். தங்கும் நாட்கள் 13 என்று இருந்தால் அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தங்க முடியாது. ஆனால் விசா ஜூலை 2 அன்றுதான் தொடங்குகிறது என்று அச்சாகியிருந்தால் அது பிழை. உடனே எழுத வேண்டும்.

அடுத்து, நீங்கள் கொடுத்த விண்ணப்பத்தின் நகலை எடுத்துப் பாருங்கள். தவறு அதிலேயே இருந்தால் அது தூதரகத்தின் அச்சுப் பிழை ஆகாது. புது விண்ணப்பமும் கட்டணமும் கேட்கக்கூடும். விண்ணப்பம் சரியாக இருந்தால் அதுதான் உங்கள் சான்று.

கடிதத்தை ஆங்கிலத்தில் ஒரே பக்கத்தில் எழுதலாம். பாஸ்போர்ட் எண், விசா ஸ்டிக்கர் எண், விண்ணப்ப எண், விசா வழங்கிய தேதி ஆகியவை மேலேயே இருக்கட்டும். பிறகு விஷயம், இந்த அளவில்:

“என் பாஸ்போர்ட்டில் பெயர் SARAVANAN. விசாவில் SARVANAN என்று அச்சாகியுள்ளது. நான் அளித்த விண்ணப்பத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறது, நகல் இணைத்துள்ளேன். ஜூன் 2 அன்று பயணம். அதற்கு முன் திருத்திய விசா வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பாஸ்போர்ட்டை எங்கே, எப்போது ஒப்படைக்க வேண்டும் என்று தெரிவிக்கவும்.”

யார் தவறு, எவ்வளவு அலைச்சல் என்றெல்லாம் எழுதத் தேவையில்லை. கோப்பைப் பார்ப்பவர் இரண்டு எழுத்துக்கூட்டலையும் ஒப்பிட்டு முடிவெடுப்பார். அந்த இரண்டும் அடுத்தடுத்து அவர் கண்ணில் பட வேண்டும். பாஸ்போர்ட்டின் விவரப் பக்கம், விசா பக்கம், விமான டிக்கெட் ஆகியவற்றின் நகல்களையும் சேர்த்து அனுப்புங்கள்.

பாஸ்போர்ட்டை நேரில் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அச்சான ஸ்டிக்கரில் கையால் எதையும் மாற்றக் கூடாது என்பது ஷெங்கன் விதி. அழியாத மையால் பழைய ஸ்டிக்கரைக் குறுக்கே அடித்துச் செல்லாததாக்கி, வேறு பக்கத்தில் புதியதை ஒட்டுவார்கள். அதனால் பாஸ்போர்ட்டில் வெற்றுப் பக்கம் வேண்டும், கையில் நாளும் வேண்டும். விசா வந்த அன்றே பெயரையும் தேதிகளையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிடுங்கள்.