சாசேஜ் மேல் படியும் கொழகொழப்பு

சிக்கன் சாசேஜ் பாக்கெட்டைப் பிரித்து, பாதியைச் சமைத்துவிட்டு, மீதியை ஃப்ரிட்ஜில் வைக்கிறோம். நாலைந்து நாள் கழித்து எடுத்தால் கையில் வழுக்குகிறது. ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சாசேஜைப் பிரித்தால், ஊசிப்போன வடையைப் பிட்டதுபோல நடுவில் நூல் விடுகிறது. பல வீடுகளில் அடுத்து நடப்பது இதுதான்: குழாயடியில் காட்டி, மஞ்சள் தண்ணீரில் அலசி, எண்ணெயில் கொஞ்சம் அதிகமாகவே வறுத்துவிடுவார்கள். "தேதி இன்னும் ஒரு மாசம் இருக்கே" என்று சமாதானம் வேறு.

அந்தத் தேதி பிரிக்காத பாக்கெட்டுக்கு அச்சடித்தது. கத்தரிக்கோல் பட்ட நிமிடத்தோடு அதன் பொறுப்பு முடிந்துவிடுகிறது. பிரித்த பிறகு எத்தனை நாள் என்பது அதே உறையில் வேறொரு மூலையில், பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படிப்பவர்கள் குறைவு.

கொழகொழப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் தொழிற்சாலைக்குள் போக வேண்டும். அரைத்த இறைச்சியில் உப்பு, கொழுப்பு, மசாலா, கொஞ்சம் மாவுச்சத்தோ சர்க்கரையோ, நைட்ரைட் உப்பு எல்லாம் சேர்த்து உறைக்குள் அடைத்து, உள்மையம் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும்வரை வேக வைக்கிறார்கள். வெந்து முடித்த சாசேஜில் உயிரோடு இருக்கும் கிருமிகள் மிகச் சில. சிக்கல் அதற்குப் பிறகுதான். தோலில்லா சாசேஜ் என்றால் வெளி உறையை இயந்திரம் உரிக்கும். ஹாம், சலாமி என்றால் கத்தி துண்டு போடும். கத்தி, பெல்ட், காற்று, கையுறை என்று எதிலிருந்தாவது சில கிருமிகள் மீண்டும் ஏறிக்கொள்கின்றன. சுத்தமான ஆலையிலும் இதை முழுதாகத் தடுக்க முடிவதில்லை. அப்படியே காற்றை உறிஞ்சி பாக்கெட்டை ஒட்டிவிடுகிறார்கள்.

காற்றில்லாத உறை, உப்பு, நைட்ரைட், குளிர் ஆகிய நான்கும் சேர்ந்து, பச்சை இறைச்சியை நாற வைக்கும் கிருமிகளில் பெரும்பாலானவற்றை அடக்கிவிடும். அடங்காத கூட்டம் ஒன்று உண்டு. அதுதான் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். காற்று இல்லாவிட்டாலும் வாழும்; உப்பையும் நைட்ரைட்டையும் ஓரளவு தாங்கும்; ஃப்ரிட்ஜ் குளிரிலும் மெதுவாகப் பெருகும். அந்தக் குடும்பத்தில் லூகோநாஸ்டாக் என்ற இனத்துக்கு ஒரு தனித் திறமை இருக்கிறது. சர்க்கரை கிடைத்தால் அதைக் கோத்துக் கோத்து டெக்ஸ்ட்ரான் என்ற நீண்ட பசையாக்கித் தன்னைச் சுற்றிப் பூசிக்கொள்ளும். சாசேஜ் மேல் கையில் வழுக்கும் படலம் பெரும்பாலும் இந்தப் பசையும் அதில் குடியிருக்கும் பாக்டீரியாக்களும்தான்.

இதே லூகோநாஸ்டாக் இனம் நமக்கு நன்றாகப் பழகியது. இட்லி மாவைப் பொங்க வைக்கும் முக்கியமான பாக்டீரியா அதுவே. சர்க்கரை ஆலைகளுக்கு அது பழைய எதிரி. வெட்டிய கரும்பு வெயிலில் நாள்கணக்கில் காத்துக் கிடந்தால், சாற்றில் அதே டெக்ஸ்ட்ரான் சேர்ந்து வடிகட்டிகளை அடைத்துவிடும். ஆக, அந்தப் படலத்தைத் தொட்டதுமே விஷம் என்று பதற வேண்டியதில்லை. அதை உண்டாக்கியவை பெரும்பாலும் நோய் தருபவை அல்ல. ஆனால் அது கண்ணுக்கும் கைக்கும் தெரிகிறது என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கோடி அல்லது அதற்கும் மேல் பாக்டீரியா சேர்ந்துவிட்டது என்று பொருள். அவ்வளவு பெருக ஒன்று நாள் அதிகமாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் குளிர் போதாமல் இருந்திருக்க வேண்டும். எது நடந்திருந்தாலும் வேறு கிருமிக்கும் அதே வாய்ப்பு கிடைத்திருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாக்கெட்டைப் பிரித்துக் கையால் எடுத்த நாளில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் பாக்டீரியா இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது ஒரு கோடியாக வேண்டுமானால் 13 தடவைக்குச் சற்று மேல் இரட்டிக்க வேண்டும். 4 டிகிரியில் ஒருமுறை இரட்டிக்கத் தோராயமாக அரை நாள் ஆகும் என்று கொண்டால், ஏறக்குறைய ஒரு வாரத்தில் படலம் தெரிய ஆரம்பிக்கும். அதே பெட்டி 10 டிகிரியில் இருந்தால் ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். மூன்று நாளில் வழுக்கத் தொடங்கும். நம் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில், நாள் முழுக்கத் திறந்து மூடும் இடத்தில், சித்திரை வெயிலிலும் மின்வெட்டிலும் 10 டிகிரி பெரிய ஆச்சரியமில்லை. பிரித்த ஹாட் டாக் சாசேஜுக்கு ஒரு வாரம், துண்டு போட்ட ஹாம், சலாமி வகைகளுக்கு மூன்று முதல் ஐந்து நாள் என்று அமெரிக்க வேளாண்துறை சொல்கிறது. அது 4 டிகிரியில் உறுதியாக நிற்கும் ஃப்ரிட்ஜை நம்பிச் சொன்னது. நம் ஊர் உறைகளில் இரண்டு மூன்று நாள் என்று போட்டிருந்தால், அது கம்பெனியின் மிகை எச்சரிக்கை என்று நினைக்க எனக்குத் தோன்றவில்லை.

துண்டு போட்டதற்கு ஏன் நாள் குறைவு? முழுத் துண்டு ஹாமுக்கு வெளிப்பரப்பு மட்டும்தான் பரப்பு. அதையே இருபது துண்டாக்கினால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம். கத்தியும் இருபது தடவை பட்டிருக்கும். கடையில் கண்ணெதிரே வெட்டித் தரும் ஹாம் புதியதுபோலத் தெரிந்தாலும், வெட்டிய நேரத்திலிருந்தே அதன் நாள் ஓட ஆரம்பித்துவிடுகிறது.

ஈரம் எல்லாமே கெட்டதன் அடையாளம் என்றும் எண்ணிவிடக் கூடாது. பாக்கெட்டைப் பிரித்ததும் உள்ளே தெளிவாகக் கொஞ்சம் தண்ணீர் நிற்பது சாதாரணம். உறைந்து இளகிய இறைச்சி விடும் நீர் அது. ஹாமைச் சுற்றி இருக்கும் இறுகிய ஜெல்லியும் அப்படியே. சந்தேகம் வந்தால் ஒரு டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். வெறும் ஈரமானால் போய்விடும். அடியில் பரப்பு கெட்டியாக, காய்ந்தாற்போல இருக்கும். படலமானால் ஒற்றிய பிறகும் வழுக்கும். விரல்களைச் சேர்த்துப் பிரித்தால் இழுபடும். தெளிவாக இருந்த நீர் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தாலும், புளித்த வாடை வந்தாலும் சோதனையை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நாக்கில் வைத்துப் பார்ப்பது மட்டும் வேண்டாம். பிரிக்காத பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருந்தால், இட்லி மாவைப் பொங்க வைக்கும் அதே வாயு உள்ளே சேர்ந்திருக்கக் கூடும். கடையில் அதை எடுக்கவே வேண்டாம்.

நிறமும் குழப்பும். துண்டு போட்ட ஹாமைச் சாய்த்துப் பார்த்தால் பச்சையும் ஊதாவுமாக வானவில் மின்னலாம். குறுக்கே வெட்டிய தசை நார்களில் ஒளி சிதறுவதால் வருவது அது. கெட்டதன் அறிகுறி இல்லை. வெளிச்சமும் காற்றும் பட்டு இளஞ்சிவப்பு வெளிறிச் சாம்பலாவதும் பெரும்பாலும் பழசானதன் அடையாளம்தான். மின்னாமல், எந்தப் பக்கம் திருப்பினாலும் நிற்கும் பச்சைத் திட்டு வேறு சமாச்சாரம். சில லாக்டிக் பாக்டீரியாக்கள் காற்றுப் பட்டதும் ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கி இறைச்சியின் நிறமியைச் சிதைப்பதால் வருவது அது. அதைக் குப்பையில் போட வேண்டியதுதான்.

கழுவி வறுத்தால் என்ன? கழுவும்போது பசையில் கொஞ்சம்தான் போகும். மீதி தொட்டியிலும் பக்கத்தில் இருக்கும் பாத்திரத்திலும் தெறிக்கும். வறுத்தால் பாக்டீரியா செத்துவிடும் என்பது உண்மை. ஆனால் சில கிருமிகள் சாவதற்கு முன்பே விஷத்தை விட்டுவிடுகின்றன. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அதில் முதல். நம் மூக்கிலும் கைத்தோலிலும் இருக்கும் இந்தக் கிருமி, மற்றவை தாங்காத உப்பைத் தாங்கும். அதனால்தான் உப்பிட்ட ஹாம் அதற்குப் பிடித்த இடம். ஃப்ரிட்ஜ் குளிரில் அது விஷத்தை உண்டாக்க முடியாது. விருந்து மேசையிலோ சமையல் மேடையிலோ சில மணி நேரம் கிடந்தால் முடியும். அந்த விஷம் கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தியில் கொண்டுபோய் விடும். பொதுவாக வெளியில் இரண்டு மணி நேரம், 32 டிகிரிக்கு மேல் வெப்பமிருந்தால் ஒரு மணி நேரம் என்பது அமெரிக்க விதி. சென்னையிலும் மதுரையிலும் வருஷத்தில் பெரும்பகுதி அந்த ஒரு மணி நேரக் கணக்குத்தான்.

இதைவிடக் கவலைப்பட வேண்டியது, எந்தப் படலமும் வாடையும் இல்லாமல் வரும் கிருமி. லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் ஃப்ரிட்ஜ் குளிரிலேயே வளரும். ஆலையின் ஈரமான மூலைகளில் வருஷக்கணக்கில் தங்கும். சாசேஜைத் தொட்டாலும் முகர்ந்தாலும் தெரியாது. தென்னாப்பிரிக்காவில் 2017, 2018-இல் பரவிய லிஸ்டீரியா நோய் உலகம் பதிவு செய்ததிலேயே பெரியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. இறந்தவர்கள் 200-க்கும் மேல். பிறந்து ஒரு மாதமாகாத குழந்தைகளே அதில் மிக அதிகம் பாதிக்கப்பட்டார்கள். காரணத்தைத் தேடிப் போனபோது, அங்கே ரொட்டிக்கு நடுவில் அப்படியே வைத்துச் சாப்பிடும் போலனி என்ற மலிவான சாசேஜில் போய் நின்றது. மக்கள் சாப்பிட்டது ஊசிப்போனதை அல்ல; நல்ல பாக்கெட்டிலிருந்து எடுத்த, வழுக்காத, மணம் மாறாத துண்டுகளை.

வழவழப்பு இருந்தால் தூக்கிப் போடலாம் என்பது பாதிப் பாடம்தான். வழவழப்பு இல்லையென்றால் நல்லது என்பது அதிலிருந்து வராது. நல்ல வேளையாக லிஸ்டீரியா சூட்டுக்குத் தாங்காது. கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் ஆகியோர் ஹாமையும் சலாமியையும் சில்லென்று சாண்ட்விச்சில் வைத்துச் சாப்பிடவே கூடாது. உள்ளேயும் ஆவி பறக்கும் அளவுக்கு, 74 டிகிரிக்குச் சூடாக்கிய பிறகே சாப்பிட வேண்டும். "ஏற்கெனவே வெந்தது, அப்படியே சாப்பிடலாம்" என்ற உறை வாசகம் இவர்களுக்காக எழுதியதில்லை.

மற்றவர்களுக்கு வேலை சுலபம். உறைந்த பாக்கெட்டிலிருந்து அன்றைக்கு வேண்டிய சாசேஜை மட்டும் காய்ந்த இடுக்கியால் எடுத்து, மீதியை இளகுவதற்குள் ஃப்ரீசருக்கே திருப்பிவிடுங்கள். இளகியதை ஈரமில்லாத மூடி டப்பாவில் போட்டு, கதவில் வைக்காமல் ஃப்ரிட்ஜின் உள்பக்கத் தட்டில் வையுங்கள். டப்பா மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, பிரித்த தேதியை எழுதுங்கள். உறையில் சொன்ன நாள் தாண்டிவிட்டால், அது வழுக்குகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, எறிந்துவிடுங்கள்.