தொண்ணூறு சென்டிமீட்டர் கொடுத்த லெவல்

செப்டம்பரில் ஒருநாள், நான் அவ்வப்போது பயிற்சிக்கு உதவப் போகும் பள்ளியின் பி.டி. மாஸ்டர் முகமெல்லாம் சிரிப்பாக ஒரு நோட்டை நீட்டினார். பதினான்கு வயதுக்கு உட்பட்டோருக்கான கால்பந்து அணி. பதினெட்டுப் பையன்கள். ஜூனில் ஒருமுறை பீப் டெஸ்ட் வைத்திருந்தார், இப்போது இரண்டாம் முறை.

"பாருங்க சார், ஆளாளுக்கு ஒரு லெவல் ஏறியிருக்கானுங்க."

அந்த 'ஆளாளுக்கு'தான் எனக்கு உறுத்தியது. ஆகஸ்டில் இரண்டு வாரம் காய்ச்சலில் கிடந்த பையனும் ஒரு லெவல் ஏறியிருந்தான். பயிற்சிக்கு ஒழுங்காக வராதவனும் ஏறியிருந்தான். பதினெட்டு உடம்பு இப்படிச் சொல்லிவைத்தாற்போல் ஒரே அளவு முன்னேறாது. டேப்பை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனோம். ஜூனில் டேப் பிடித்துப் போட்ட கோடு மழையில் அழிந்துபோக, செப்டம்பரில் காலடி வைத்து அளந்து புதுச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே 20 மீட்டர் இருக்க வேண்டும். இருந்தது 19 மீட்டர் 10 சென்டிமீட்டர்.

தொண்ணூறு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். இந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் அது எவ்வளவு பெரிய தொகை என்று தெரியும்.

கனடாவின் மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் லூக் லெஜே என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 1980களில் இதை உருவாக்கினார்கள். ஓடுகளம், டிரெட்மில் எதுவும் வேண்டாம். 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு, 'பீப்' சத்தம் தரும் ஓர் ஒலிப்பதிவு, அவ்வளவுதான். ஒரு பீப்புக்குக் கிளம்பி அடுத்த பீப்புக்குள் எதிர்க்கோட்டைத் தொட வேண்டும். திரும்பி ஓட வேண்டும். இப்படி ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்குப் போவது ஒரு ஷட்டில். ஏறக்குறைய ஒரு நிமிடம் ஓடினால் ஒரு லெவல் முடியும். லெவல் ஏற ஏற பீப்புகள் நெருங்கி வரும். ஆரம்பத்தில் மணிக்கு 8 அல்லது 8.5 கிலோமீட்டர் வேகம், இரண்டாம் லெவலில் 9, அதற்குப் பிறகு லெவலுக்கு அரை கிலோமீட்டராகக் கூடும். அப்படியே போனால் ஆறாம் லெவல் 11, ஏழாம் லெவல் 11.5.

இப்போது நம் சுண்ணாம்புக் கோட்டுக்கு வருவோம். ஒலிப்பதிவுக்குக் கோடு எங்கே இருக்கிறதென்று தெரியாது. ஆறாம் லெவலில், 20 மீட்டரை 11 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க எவ்வளவு நேரம் வேண்டுமோ அதைத்தான் அது கொடுக்கும். அந்த நேரத்தில் 19.1 மீட்டர் ஓடினால் போதும் என்றால், பையனின் உண்மையான வேகம் 10.5தான். அது ஐந்தாம் லெவலின் வேகம். ஏழாம் லெவல் ஓடுகிறோம் என்று நினைப்பவன் ஆறாம் லெவல் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறான். மாஸ்டரின் நோட்டில் ஏறியிருந்த ஒரு லெவலைக் கொடுத்தது கோடுதான்.

ஆகவே முதல் வேலை டேப். சாகும்வரை ஓடிய பையனின் மூன்று மாத உழைப்பை எடைபோடும் தராசு அது. காலடி அளவுக்கு அங்கே இடமில்லை. மைதானத்தின் ஒரு பக்கம் மட்டும் அளந்துவிட்டு வந்துவிடாமல் இரண்டு ஓரத்திலும் அளக்க வேண்டும். கோடுகள் லேசாகச் சாய்ந்திருந்தால் ஒரு ஓரத்துப் பையனுக்கு 20 மீட்டர், மறு ஓரத்துப் பையனுக்கு 19.6 மீட்டர் என்று ஆகிவிடும். கோட்டைத் தொட்டால் போதும் என்பது விதி என்பதால், உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு அளப்பது சரி. கோட்டுக்கு அப்பாலும் சில மீட்டர் காலி இடம் வேண்டும். சுவரோ, வேலியோ இருந்தால் பையன்கள் முன்கூட்டியே பிரேக் போடுவார்கள். திரும்பும் இடத்தில் புழுதியோ சரளையோ இருந்தால் கூட்டிவிட வேண்டும். அங்கே ஒருமுறை வழுக்கினால் அந்த ஷட்டில் போனது போனதுதான்.

அடுத்தது சத்தம். வாட்ஸ்அப்பில் கை மாறி வந்த கோப்பு எந்த வேகத்தில் ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்? சோதிப்பது சுலபம். இரண்டாம் லெவலில் வேகம் மணிக்கு 9 கிலோமீட்டர், அதாவது 20 மீட்டருக்குச் சரியாக 8 விநாடி. ஸ்டாப்வாட்சை வைத்து ஐந்து ஷட்டில் எண்ணுங்கள். 40 விநாடி வர வேண்டும். 39 வந்தால் அந்தப் பதிவை ஒதுக்கிவிடுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட மறக்க வேண்டாம். ஏழாம் லெவலில் யாராவது கடன் வேண்டுமா என்று கேட்டு அழைத்தால், அன்றைய சோதனை அத்தோடு முடிந்தது.

மூன்றாவது, நடுவர். நான் பார்த்தவரை அதிகம் தவறு நடப்பது இங்கேதான். பீப் அடிக்கும்போது ஒரு காலாவது கோட்டில் இருக்க வேண்டும். முன்னாலேயே வந்துவிட்டால் நின்று பீப்புக்காகக் காத்திருக்க வேண்டும். ஒருமுறை தவறினால் எச்சரிக்கை. அடுத்ததும் தவறினால் வெளியே. பல இடங்களில் இதுதான் வழக்கம். சிலர் மூன்று முறை தருகிறார்கள். எதை வைத்தாலும் சரி, எல்லோருக்கும், எல்லா மாதமும் அதுவே இருக்க வேண்டும். பதினெட்டுப் பேரை ஒருவரே பார்த்தால், அணித்தலைவன் அரை மீட்டர் முன்னால் திரும்புவது கண்ணில் படாது. புதுப் பையன் திரும்புவது மட்டும் பட்டுவிடும். ஒன்பது ஒன்பதாகப் பிரித்து ஓடவிட்டு, கோட்டுக்கு இரண்டு பேராக நாலு பேரை நிறுத்தினால் ஒருவர் நான்கைந்து பேரைப் பார்த்தால் போதும். தன் நண்பனை அவனே பார்க்கும்படி மட்டும் விட வேண்டாம்.

காலை ஏழு மணிக்கு முன் முடித்துவிடுவது நம் ஊர் வெயிலுக்கு நல்லது. ஜூனில் காலையில் வைத்துவிட்டு செப்டம்பரில் மாலை நான்கு மணிக்கு வைத்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது. காய்ச்சலிலிருந்து எழுந்தவனை அன்று ஓட விடக்கூடாது. ஆஸ்துமா உள்ளவன் இன்ஹேலரைக் கோட்டருகே வைத்திருக்க வேண்டும். நெஞ்சு வலிக்கிறது, தலை சுற்றுகிறது என்று யாராவது சொன்னால் 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' என்று கத்தக்கூடாது.

சரி, ஓடி முடித்தாயிற்று. நோட்டில் 7.4 என்று எழுதுகிறோம். ஏழாம் லெவலில் நான்காவது ஷட்டில் என்று பொருள். இது தசம எண் அல்ல, இங்கேதான் கம்ப்யூட்டர் காலை வாரும். ஏழாம் லெவலில் பத்து ஷட்டில் உண்டு. அதைக் கடைசிவரை முடித்தவன் 7.10. எக்செல்லில் அதைத் தட்டினால் 7.1 ஆகிவிடும், ஒரே ஷட்டிலோடு நின்றவனும் 7.1. இரண்டு பேருக்கும் ஒன்பது ஷட்டில் வித்தியாசம், தாளில் ஒரே எண். இதற்குச் சராசரி வேறு எடுத்தால் கேட்கவே வேண்டாம்.

இதற்கு ஒரே வழி, மொத்த ஷட்டிலாக எழுதுவது. பரவலாகப் புழங்கும் பதிவில் முதல் லெவலில் 7, இரண்டிலும் மூன்றிலும் 8, நான்கிலும் ஐந்திலும் 9, ஆறிலும் ஏழிலும் 10 ஷட்டில். ஆறு லெவல் முடித்தால் 51. ஆக 7.4 என்பது 55 ஷட்டில், அதாவது 1,100 மீட்டர். 7.10 என்பது 61, 8.1 என்பது 62. லெவலாகப் பார்த்தால் ஒரு படி மேலே நிற்பவன், உண்மையில் ஒரே ஒரு ஷட்டில் கூடுதலாக ஓடியிருக்கிறான். உங்கள் பதிவில் எண்ணிக்கை வேறாக இருந்தால் அதற்கேற்ற பட்டியலைப் பயன்படுத்த வேண்டும்.

பிறகு வருவது 'விஓ2 மேக்ஸ்' மோகம். உடம்பு ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதன் அளவு அது. லெஜே குழு 1988இல் குழந்தைகளுக்கு ஒரு சூத்திரம் கொடுத்தது. ஆறாம் லெவல் முடித்த 14 வயதுப் பையனுக்கு அதில் சுமார் 45 வரும், உடல் எடையில் கிலோவுக்கு, நிமிடத்துக்கு, மில்லிலிட்டர் கணக்கில். ஆனால் அந்தச் சூத்திரத்தின் பிழை ஏறக்குறைய 6. ஆய்வகத்தில் அளந்தால் அதே பையன் 39ஆகவும் இருக்கலாம், 51ஆகவும் இருக்கலாம். இதில் தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் எழுதிப் பெற்றோருக்குக் காட்டுவது தராசில்லாமல் தங்கம் நிறுப்பது மாதிரி. ஷட்டில் எண்ணிக்கையே போதும்.

பெற்றோர் கேட்கும் இன்னொரு கேள்வி: "கிரிக்கெட் டீமுக்கு 16.1 கேட்டாங்களே, என் பையன் ஏன் ஏழுலேயே நிக்கிறான்?" அது யோ-யோ டெஸ்ட். அதில் போய்வந்த ஒவ்வொரு 40 மீட்டருக்கும் பிறகு பத்து விநாடி ஓய்வு உண்டு, எண்களும் வேறு கணக்கு. இரண்டுக்கும் பொதுவானது 20 மீட்டரும் பீப்பும்தான்.

பையனைப் பையனோடு ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். பதின்மூன்று வயதில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவன் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இருப்பான். அவர்களுடைய ஷட்டில் வித்தியாசம் பயிற்சியைச் சொல்கிறதா, பருவத்தைச் சொல்கிறதா என்று பிரிக்க முடியாது. பெண்கள் அணியை ஆண்கள் அணியின் எண்ணோடு வைத்துப் பார்ப்பதும் அப்படித்தான். அதிலும் இந்தச் சோதனையில் மனசு பாதி. பாதியிலேயே சலித்து நின்றவன் களைத்தவன் அல்ல. நின்றவுடன் மணிக்கட்டில் பத்து விநாடி நாடி பார்த்தால் ஓரளவு தெரியும். முப்பதைத் தாண்டியிருந்தால் முழு மூச்சாக ஓடியிருக்கிறான். 25, 26 என்றால் அவனுக்குள் இன்னும் இருந்தது. அந்த எண்ணை வைத்து அவன் உடம்பைப் பற்றி எதுவும் சொல்லக்கூடாது.

ஒரு வாரம் கழித்து, டேப் பிடித்த 20 மீட்டரில், காலை ஆறரைக்கு மறுபடியும் வைத்தோம். பெரும்பாலான எண்கள் ஜூன் பக்கமே திரும்பின. ஜூனில் 7.4 ஓடியவன், குறுகிய கோட்டில் 8.5 காட்டியவன், இப்போது 7.7. ஷட்டிலில் சொன்னால் 55, 66, 58. கூடியது மூன்று. ஒரே பையனை அடுத்தடுத்த இரண்டு நாள் ஓடவிட்டாலே இந்த அளவுக்கு ஏற்ற இறக்கம் வரும். ஆகவே இதை 'அப்படியே இருக்கிறான்' என்றுதான் படிக்க வேண்டும். இடது விங்கில் ஆடும் குட்டிப் பையன் 5.3இலிருந்து 6.8க்குப் போயிருந்தான்: 35இலிருந்து 49. பதினான்கு ஷட்டில் தற்செயலாக வராது. ஆனால் ஜூனில்தான் அவன் முதன்முதலாக இந்தச் சோதனையை ஓடியிருக்கிறான், முதல் லெவலிலேயே தலைதெறிக்கப் பறந்தானாம். எனவே இதில் கொஞ்சம் நுரையீரல், கொஞ்சம் அனுபவம். அதனால்தான் இப்போது புதிதாகச் சேர்பவர்களின் முதல் ஓட்டத்தை மாஸ்டர் நோட்டில் ஏற்றுவதில்லை. அடுத்த வாரத்து ஓட்டம்தான் கணக்கு.

66இலிருந்து 58க்கு இறங்கியவன் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "சார், நான் குறைஞ்சுட்டேனா?" என்று கேட்டான்.

"நீ குறையலடா, கோடுதான் தள்ளிப் போயிருக்கு" என்றார் மாஸ்டர். அன்று சாயங்காலமே 20 மீட்டரை மறுபடி அளந்து, நாலு மூலையிலும் இரும்பு முளை அடித்துத் தலையில் சிவப்பு பெயிண்ட் அடித்தார்.