விற்ற இயந்திரத்தையே குத்தகைக்கு எடுத்தால் லாபம் எவ்வளவு?

ஒரு தொழிற்சாலை தன் இயந்திரத்தை ஒரு லீசிங் கம்பெனிக்கு விற்று, அதே இயந்திரத்தை அந்தக் கம்பெனியிடமிருந்து குத்தகைக்கு எடுத்து ஓட்டுவது உண்டு. இயந்திரம் இருந்த இடத்தைவிட்டு நகராது. ஆட்களும் மாற மாட்டார்கள். நடைமுறை மூலதனத்துக்குப் பணம் கிடைத்துவிடும், அதற்குப் பதிலாக ஆண்டுதோறும் வாடகை கட்ட வேண்டும். இயந்திரத்தின் புத்தக மதிப்பைவிட, அதாவது தேய்மானம் போகக் கணக்கில் மிஞ்சியிருக்கும் தொகையைவிட, விற்ற விலை கூடுதலாக இருந்தால் ஒரு லாபம் தோன்றும். அதை முழுவதும் அந்த ஆண்டே காட்டிவிடலாமா என்பதுதான் சிக்கல்.

இந்தியாவில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும் பெரிய கம்பெனிகளும் 2019 ஏப்ரல் 1 முதல் பின்பற்றும் ‘இண்ட் ஏஎஸ் 116’ என்ற கணக்கியல் தரநிலை, காட்ட முடியாது என்கிறது. விற்றவர் இயந்திரத்தை முழுதாகக் கைவிடவில்லை. குத்தகைக் காலம் வரை ஓட்டும் உரிமை அவரிடமே இருக்கிறது. வாங்கியவர் கைக்கு உண்மையில் போனது எஞ்சிய பகுதிதான். ஆகவே அந்தப் பகுதிக்கு உரிய லாபத்தை மட்டுமே உடனே காட்டலாம்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். இயந்திரத்தின் புத்தக மதிப்பு 60 லட்ச ரூபாய். இன்னும் 10 ஆண்டு ஓடும். சந்தையில் அதன் நியாய மதிப்பு 80 லட்சம். அந்த விலைக்கே விற்பனை நடக்கிறது. குத்தகை 4 ஆண்டுக்கு. ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் வாடகை 12.62 லட்சம். 10 சதவீத வட்டியில் கழித்துப் பார்த்தால் நான்கு வாடகைகளின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 40 லட்சம் வருகிறது. இது 80 லட்சத்தில் சரிபாதி. ஆக, விற்றவர் பாதி உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறார்.

மேலோட்டமாகப் பார்த்தால் லாபம் 20 லட்சம். அதில் பாதியான 10 லட்சம் மட்டுமே இந்த ஆண்டின் லாபக் கணக்குக்குப் போகும். பதிவு இப்படி அமையும்: ரொக்கம் 80 லட்சமும், ‘பயன்பாட்டு உரிமைச் சொத்து’ 30 லட்சமும் பற்று, இயந்திரம் 60 லட்சம், குத்தகைப் பொறுப்பு 40 லட்சம், லாபம் 10 லட்சம் வரவு. இரு பக்கமும் 110 லட்சம். உரிமைச் சொத்து 30 லட்சம் ஆனது, பழைய புத்தக மதிப்பான 60 லட்சத்தில் பாதியை எடுத்ததால்தான்.

மீதி 10 லட்சம் எங்கே போயிற்று? அது தனிக் கணக்காக எங்கும் தெரியாது. சாதாரணக் குத்தகையாக இருந்தால் உரிமைச் சொத்தும் 40 லட்சமாக இருந்து, ஆண்டுக்கு 10 லட்சம் தேய்மானம் போட வேண்டியிருக்கும். இங்கே 30 லட்சத்துக்கு 7.5 லட்சம் போதும். ஆண்டுக்கு 2.5 லட்சம் செலவு குறைவதால், நான்கு ஆண்டில் அந்த 10 லட்சமும் ஓசையில்லாமல் வந்து சேர்ந்துவிடும்.

விலையைச் சந்தை மதிப்புக்கு மேல் ஏற்றி எழுதுவதும் நடக்கும். மேலே சொன்ன இயந்திரத்தை 90 லட்சத்துக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். லீசிங் கம்பெனி அந்தக் கூடுதல் 10 லட்சத்தைத் தானமாகத் தரவில்லை. வாடகையை ஏறத்தாழ 15.77 லட்சமாக உயர்த்தி வட்டியோடு திரும்ப வாங்கிக்கொள்ளும். எனவே அதை விலையாக ஏற்காமல் கடனாகவே பதிய வேண்டும். உடனே காட்டும் லாபம் அதே 10 லட்சம்தான். விலையைக் கூட்டி லாபத்தைக் கூட்ட இங்கே வழியில்லை. நியாய மதிப்புக்கு மேல் போன விலையும், சந்தையை மிஞ்சிய வாடகையும் சேர்ந்தே தென்பட்டால் ஆடிட்டர் அங்கே நின்று கேள்வி கேட்பார்.

இதையும்விடப் பெரிய கேள்வி, நடந்தது விற்பனைதானா என்பது. குறிப்பிட்ட விலைக்கு இயந்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையை விற்றவர் ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டிருந்தால், இயந்திரத்தின் கட்டுப்பாடு பொதுவாக வாங்கியவருக்கு மாறியதாகாது. அப்போது இயந்திரம் 60 லட்சத்திலேயே விற்றவரின் கணக்கில் தொடரும். வந்த 80 லட்சம் கடன். லாபம் ஒரு ரூபாயும் கிடையாது. பத்திரத்தின் தலைப்பில் ‘விற்பனை’ என்று இருப்பதால் மட்டும் இது மாறிவிடாது.

இண்ட் ஏஎஸ் பொருந்தாத சிறு கம்பெனிகளுக்கு இன்னும் பழைய ஏஎஸ் 19 தான். அங்கே சாதாரண வாடகைக் குத்தகையாக அமைந்து, விலையும் நியாய மதிப்பாக இருந்தால், 20 லட்சத்தையும் உடனே காட்டலாம். இயந்திரத்தின் பலனும் பாரமும் பெரும்பாலும் விற்றவரிடமே தங்கும் நிதிக் குத்தகையானால், லாபத்தை ஒத்திவைத்துக் குத்தகைக் காலம் முழுவதும் தேய்மானத்தின் விகிதத்தில் பிரித்துக் காட்ட வேண்டும். ஆக, ஒரே பேரத்துக்கு இரண்டு கம்பெனிகளின் கணக்கில் இரண்டு விதமான லாபம் தெரியக்கூடும். பங்கு வாங்குவோர் ஆண்டறிக்கையில் குத்தகை பற்றிய குறிப்புகளைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. இத்தகைய விற்பனையில் வந்த லாப நட்டத்தை அங்கே தனியாகச் சொல்ல வேண்டும் என்று இண்ட் ஏஎஸ் 116 கட்டாயமாக்கியிருக்கிறது.