மூன்று சட்டை, மூன்று தள்ளுபடி

ஆடி பிறந்துவிட்டால் சென்னை ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. துணிக்கடை வாசல்களில் விதவிதமான அட்டைகள் தொங்கும். ஒரு கடையில் 30 சதவீதத் தள்ளுபடி. அடுத்த கடையில் 1,500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் பில்லில் 500 ரூபாய் குறையும். மூன்றாவது கடையில் இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம். மூன்றிலும் ஒரே மாதிரிச் சட்டை, விலை 600 ரூபாய் என்றால் எங்கே வாங்குவது லாபம்?

கட்டும் மொத்தப் பணத்தை வீட்டுக்கு வரும் சட்டைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் விடை கிடைத்துவிடும்.

மூன்று சட்டை வேண்டுமென்றால், முதல் கடையில் ஒன்று 420 ரூபாய். இரண்டாவது கடையில் 1,800 ரூபாய் பில்லில் 500 கழிந்து 1,300. ஒரு சட்டைக்கு ஏறக்குறைய 433. மூன்றாவது கடையில் 1,200 கொடுத்தால் மூன்று வரும், ஒன்று 400. இலவசம் தரும் கடையே மலிவு.

இரண்டே சட்டை போதும் என்பவருக்குக் கணக்கு தலைகீழாகிறது. சதவீதக் கடையில் 840 ரூபாயில் வேலை முடிந்துவிடும். இலவசக் கடையில் 1,200 கட்ட வேண்டும். அதாவது, தேவைப்படாத மூன்றாவது சட்டைக்கு 360 ரூபாய் கூடுதலாகப் போகிறது.

500 ரூபாய்க் கழிவில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பில் சரியாக 1,500 ஆக இருந்தால் அது மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. பில் ஏற ஏற அந்தப் பங்கு சுருங்கும். ஏறக்குறைய 1,667 ரூபாயில் அது 30 சதவீதத்துக்குச் சமமாகிறது. அதைத் தாண்டினால் சதவீதக் கடையே மேல். ஆறு சட்டைகளை ஒரே பில்லில் போட்டால் 3,600க்கு 500தான் குறையும்; ஒரு சட்டை 517 ரூபாயை நெருங்கிவிடும்.

இலவசச் சலுகையில் பெரும்பாலும் விலை குறைந்த உருப்படிதான் இலவசமாகக் கழியும். 900, 600, 300 ரூபாயில் மூன்று சட்டை எடுத்தால் 300 மட்டும் கழிந்து 1,500 கட்ட வேண்டும். 30 சதவீதத் தள்ளுபடியில் அதே மூன்றும் 1,260தான்.

ஆகவே இந்தச் சலுகையில் ஒரே விலைச் சட்டைகளைச் சேர்த்து எடுப்பது நல்லது. 900 ரூபாயில் மூன்றும் 300 ரூபாயில் மூன்றும் எடுப்பவர் எல்லாவற்றையும் ஒரே பில்லில் போட்டால், இரண்டு 300 ரூபாய்ச் சட்டைகள் கழிந்து 600 ரூபாய்தான் மிஞ்சும். விலைவாரியாக இரண்டு பில் போட்டால் 900-உம் 300-உமாக 1,200 ரூபாய் கழியும். தனித்தனி பில்லுக்குச் சலுகை உண்டா என்பதைத் துணியைக் கவுண்டரில் வைக்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.