சார்ட் வந்ததும் சொல்லிவிடுங்கள்

பொங்கலோ தீபாவளியோ முடிந்து வேலை தொடங்கும் நாளன்று, காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில், சென்னையைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளின் சூப்பர்வைசர்களுக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். “சார், பஸ் கிடைக்கல, செம கூட்டம், இன்னைக்கு வர முடியாது.” இதில் பொய் எதுவும் இல்லை. தென் மாவட்டங்களிலிருந்து ஒரே ராத்திரியில் எல்லோரும் கிளம்பினால் ரயிலும் பஸ்ஸும் எப்படித் தாங்கும்? அது சூப்பர்வைசருக்கும் தெரியும், அவருக்கும் ஊர் என்று ஒன்று இருக்கிறது. இருந்தும் இந்தச் செய்தியைப் பார்த்ததும் அவர் முகம் சுளிக்கிறார். சொன்ன காரணத்தில் அவருக்குச் சந்தேகம் இல்லை. சொன்ன நேரம்தான் அவரைக் கை கட்டிப் போடுகிறது.

ஒரு பிரஸ் ஷாப்பை நினைத்துப் பாருங்கள். விடுமுறை முடிந்து ஞாயிறு இரவு ஷிப்டிலேயே மெஷின்கள் ஓடத் தொடங்கிவிட்டன. இரவு பத்து மணிக்கு ஏறிய ஆள், காலை ஆறு மணிக்கு மாற்று ஆள் வருவார் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஆறேகால் ஆகியும் ஆள் வரவில்லை என்றால் சூப்பர்வைசர் அவரிடம் போய், “இன்னும் நாலு மணி நேரம் பார்த்துக்கப்பா” என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம் உண்டு என்பது சரிதான். ஆனால் ராத்திரி முழுக்க நின்ற கால், தூக்கம் சொருகும் கண், எதிரே தகட்டை வெட்டும் பிரஸ். நாம் தாமதமாகச் சொன்னதின் பாரம் முதலில் விழுவது நம்மைப் போன்ற இன்னொரு தொழிலாளியின் தலையில்.

அதே சேதி முந்தின நாள் மதியமே வந்திருந்தால் சூப்பர்வைசருக்கு வழி உண்டு. இரண்டாவது ஷிப்ட் ஆளை முன்கூட்டியே வரச் சொல்லலாம். வார விடுமுறையில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பார்க்கலாம். அவசரமில்லாத லைனிலிருந்து ஒருவரை மாற்றிவிடலாம். காலை ஏழு மணிக்கு இவற்றில் ஒன்றும் நடக்காது.

“முந்தின நாளே எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்கலாம். பெரும்பாலும் தெரியும் என்பதுதான் நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது.

ரயிலை எடுத்துக்கொள்வோம். முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. 2024 நவம்பர் வரை இது 120 நாளாக இருந்தது. பண்டிகைத் தேதிகளுக்குக் காலை எட்டு மணிக்குத் திறந்த சில நிமிடங்களிலேயே தென் மாவட்ட ரயில்கள் நிரம்பிவிடும். பிந்தியவர்களுக்குக் கிடைப்பது வெயிட்டிங் லிஸ்ட். அது உறுதியாகுமா ஆகாதா என்பது சார்ட் தயாராகும்போது தெரிந்துவிடும். முன்பு புறப்பாட்டுக்கு நான்கு மணி நேரம் முன்னால்தான் சார்ட் வரும். 2025-இல் இதை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். இரவு ரயிலுக்குக் குறைந்தது பத்து மணி நேரம் முன்பே முதல் சார்ட் வந்துவிடுகிறது. அதாவது இரவு எட்டு மணியை ஒட்டிக் கிளம்பும் ரயிலுக்குக் காலை பத்து மணிவாக்கில் உங்கள் கதி தெரிந்துவிடும். ஆர்.ஏ.சி. வந்திருந்தால் கவலையில்லை, உட்கார்ந்தாவது வந்துவிடலாம். ஆன்லைனில் எடுத்த டிக்கெட் முழுக்க வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றுவிட்டால் அது தானாகவே ரத்தாகி, பணம் கணக்குக்குத் திரும்பும். அந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு ரயிலில் ஏற முடியாது. அப்புறம் ஜெனரல் பெட்டிதான், அல்லது பஸ்.

திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர் ஒருவர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் ஆபரேட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2026-இல் பொங்கல் ஜனவரி 15, வியாழக்கிழமை. வெள்ளி, சனியும் விடுமுறை, பிறகு ஞாயிறு. திங்கள் 19-ஆம் தேதி காலை ஆறு மணிக்கு அவருக்கு முதல் ஷிப்ட். நவம்பரில் டிக்கெட் போடும்போது வெயிட்டிங் லிஸ்ட் 112. அது இறங்கி இறங்கி 43-க்கு வந்து, ஞாயிறு காலைச் சார்ட்டில் அங்கேயே நின்றுவிட்டது. இந்த நிமிடத்தில் அவர் அனுப்ப வேண்டிய செய்தி இப்படி இருக்கலாம்:

“வணக்கம் சார். நாளை திங்கள் காலை ஷிப்ட் சம்பந்தமாக. நவம்பரிலேயே போட்ட ரயில் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்டில் நின்று இன்று காலை கேன்சல் ஆகிவிட்டது. பஸ்ஸில் வர முயற்சி செய்கிறேன். காலை 6 மணிக்கு வந்து சேர்வது சந்தேகம். 5-ம் நம்பர் பிரஸ்ஸுக்கு மாற்று ஆள் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் சார். மாலை 6 மணிக்குள் உறுதியாகச் சொல்கிறேன்.”

இன்னும் எதுவும் முடிவாகவில்லை, ஆனாலும் அனுப்பியாயிற்று. பலர் இங்கேதான் தயங்குகிறார்கள். ஒருவேளை பஸ் கிடைத்துவிட்டால், சொன்னது வீண்தானே என்று காத்திருக்கிறார்கள். கிடைத்துவிட்டால் “வந்துவிடுவேன் சார்” என்று ஒரு வரி அனுப்பினால் போயிற்று. அதற்காக எந்தச் சூப்பர்வைசரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நம் இளைஞர் மாலை புதிய பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறார். சென்னை பஸ் ஒவ்வொன்றும் முன்பதிவில் நிரம்பிக் கிளம்புகிறது. சிறப்புப் பஸ் உள்ளே நுழைவதற்குள்ளேயே ஜன்னல் வழியாகத் துண்டும் பையும் விழுந்து இடம் பிடித்துவிடுகின்றன. கடைசியில் ஐந்தரை மணிக்கு மதுரை பஸ்ஸில் ஏறுகிறார். இனி அவர் போட வேண்டியது ஒரு மனக்கணக்கு. மதுரைக்கு மூன்றரை மணி நேரம். மாட்டுத்தாவணியில் அடுத்த பஸ்ஸுக்கு எப்படியும் இரண்டு மணி நேரக் காத்திருப்பு. அங்கிருந்து சாதாரண நாளில் எட்டு மணி நேரம். அன்றைக்குச் சுங்கச்சாவடிகளில் வரிசை, பரனூரிலிருந்து வண்டி ஊர்வது எல்லாம் சேர்த்து இன்னும் மூன்று. ஆக காலை பத்து மணியைத் தாண்டும். கிளாம்பாக்கம் வரை போகாமல் சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கினால் ஒரகடத்துக்குப் பாதை சுருக்கம். ஆனால் எல்லாப் பஸ்ஸும் அங்கே நிற்காது, நடத்துநரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். எப்படிப் போட்டாலும் முதல் ஷிப்ட் போய்விட்டது. அடுத்த செய்தி:

“சார், சென்னை பஸ் எதிலும் இடமில்லை. மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டேன், அங்கே மாறி வருகிறேன். நாளை காலை ஷிப்டுக்கு வர முடியாது. மதியம் 1 மணிக்குள் ரூமுக்கு வந்துவிடுவேன். திங்கள் ஒரு நாள் என் லீவில் கழித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். செவ்வாய் காலை 6 மணிக்கு டியூட்டியில் இருப்பேன். 5-ம் நம்பர் பிரஸ்ஸில் போன வாரம் மாற்றிய டையின் செட்டிங் ரிஜிஸ்டரில் இருக்கிறது. பஸ் டிக்கெட் படம் அனுப்புகிறேன்.”

இதில் கூட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட நீட்டவில்லை. வர முடியாத ஷிப்ட் எது, வரப்போகும் நேரம் எது, கேட்கும் லீவ் என்ன, மெஷினைத் தொடப்போகிறவருக்கு வேண்டிய தகவல் எங்கே என்பதெல்லாம் இருக்கிறது. மதியம் இரண்டு மணி ஷிப்டுக்கு வந்துவிடுகிறேன் என்று அவர் சொல்லாததையும் கவனியுங்கள். அலுவலக மேசை வேலை என்றால் சொல்லியிருக்கலாம். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் நின்றும் உட்கார்ந்தும் வந்தவர் அன்றைக்கே பிரஸ் முன்னால் நிற்பதில் விரலுக்கு ஆபத்து இருக்கிறது. ஆர்வத்தில் அதை வாக்குக் கொடுத்துவிடக் கூடாது. சூப்பர்வைசரே கூப்பிட்டாலும் “தூங்கவில்லை சார்” என்று சொல்வது நியாயம்தான்.

ஆதாரம் என்று பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தைப் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் நிறைய. அதில் தேதியும் இல்லை, நீங்களும் இல்லை. போன வருஷப் படமாகவும் இருக்கலாம் என்று நினைக்க இடமுண்டு. டிக்கெட் ரத்தானதற்கு வந்த குறுஞ்செய்தியும், நேரம் அச்சான பஸ் டிக்கெட்டும் போதும். காரணம் இவ்வளவு நேர்மையாக இருக்கும்போது, காய்ச்சல் என்றோ பாட்டிக்கு முடியவில்லை என்றோ மாற்றிச் சொல்வது தேவையில்லாத வம்பு. காய்ச்சல் என்றால் மருத்துவச் சான்று கேட்பார்கள்.

செய்தியைச் சூப்பர்வைசரின் சொந்த எண்ணுக்கு அனுப்புங்கள். ஷிப்ட் குரூப்பில் போட்டால் அதன் கீழே “சார், நானும்” என்று நான்கு பேர் சேர்ந்துகொள்வார்கள். உங்கள் கோரிக்கை அந்தக் கும்பலில் ஒன்றாகிவிடும். நெடுஞ்சாலையில் சிக்னல் விட்டு விட்டு வரும். வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் நிற்கிறது என்றால் அது அவர் போனுக்கே போய்ச் சேரவில்லை என்று பொருள். அரை மணி நேரம் பார்த்துவிட்டுச் சாதாரண எஸ்.எம்.எஸ். அனுப்பி, ஒருமுறை போனும் செய்துவிட வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் போன் வேண்டாம். வழியில் வந்து சேரும் நேரம் மாறினால் மட்டும் இன்னொரு வரி போதும். ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வர வேண்டியதில்லை.

இத்தனையும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று சொல்வதற்குச் சம்பளமும் ஒரு காரணம். விடுமுறையை ஒட்டிய நாளில் சொல்லாமல் நின்றால், அதற்கு முந்தைய விடுமுறைக்கும் சேர்த்துப் பிடித்தம் செய்கிற வழக்கம் பல நிறுவனங்களில் உண்டு. ஒரு நாள் வராததற்கு இரண்டு மூன்று நாள் சம்பளம் போய்விடும். முன்கூட்டியே கேட்டு, “சரி” என்று பதில் வாங்கியிருந்தால் அது ஆப்சென்ட் ஆகாமல் லீவ் ஆகிறது. லீவ் மீதம் இல்லையென்றால் அந்த ஒரு நாள் சம்பளம் மட்டும் போகும். தொழிற்சாலை நிலையாணைகளில் நெடுங்காலமாக இருந்துவரும் ஒரு விதியையும் தெரிந்துகொள்வது நல்லது. லீவ் முடிந்த பிறகு எட்டு நாட்களுக்குள் திரும்பி வந்து, திருப்தியான காரணம் சொல்லாதவர் தன் வேலை மீதான உரிமையையே இழக்கலாம் என்கிறது அது. ஒரு நாள் பிந்துவது அந்த அளவுக்குப் போகாது. ஆனால் ஊரில் இன்னும் இரண்டு நாள், மூன்று நாள் என்று நீட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் எழுதிக் கேட்டாக வேண்டும். சூப்பர்வைசர் “முடியாது” என்று பதில் போட்டால் செய்தியிலேயே வாதாட வேண்டாம். “புரிகிறது சார், நேரில் பேசுகிறேன்” என்று எழுதிவிட்டு, அனுப்பிய செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள்.

வேலைக்குத் திரும்பிய செவ்வாய்க்கிழமையே வருகைப் பதிவில் திங்களுக்கு நேரே என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். ஆப்சென்ட் என்று இருந்தால், பதில் வந்த செய்தியைக் காட்டி நேர அலுவலகத்தில் அன்றைக்கே திருத்தச் சொல்லலாம். மாதச் சம்பளக் கணக்கு மூடிய பிறகு கேட்டால் அடுத்த மாதம் என்பார்கள்.