சட்டமன்ற விவாதத்தைச் சுருக்கி எழுதுதல்

சட்டமன்ற விவாதத்தைச் சுருக்கி எழுதுவது என்பது, அவையில் பதிவான நீண்ட உரைகளிலிருந்து மூன்று செய்திகளைப் பிரித்து எடுப்பதாகும். ஒவ்வொரு கட்சியும் என்ன நிலை எடுத்தது, என்ன மாற்றம் கோரியது, வாக்கெடுப்பு எப்படி முடிந்தது என்பவையே அவை. இம்மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று தானாகக் கிடைத்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். எதிர்த்துப் பேசிய கட்சி எதிர்த்து வாக்களித்திருக்கும், வாக்கு எண்ணிக்கையைப் பார்த்தாலே எதிர்ப்பின் அளவு தெரிந்துவிடும் என்பது அந்த எண்ணம். சுருக்கங்களில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் பிறக்கின்றன.

முடிவிலிருந்து படித்தல்

அவை நடவடிக்கைக் குறிப்பு பேசிய வரிசையிலேயே அச்சாகிறது. ஆனால் சுருக்குபவர் அதை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினால், சுவையான உரைகளும் குறுக்கீடுகளும் இழுத்துக்கொண்டு போய்விடும். முதலில் கடைசிப் பகுதிக்குச் சென்று, பேரவைத் தலைவர் எந்த வாசகத்தை வாக்குக்கு விட்டார் என்பதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். விவாதம் பத்துப் பொருள்களைத் தொட்டிருக்கலாம். அவை முடிவு செய்தது அந்த ஒரு வாசகத்தை மட்டுமே. அதன் பிறகு வாக்கின் முடிவு, அடுத்து திருத்தங்கள், இறுதியில்தான் உரைகள் என்று பின்னோக்கி வருவது நல்லது.

உரைகளில் கட்சியின் நிலையைக் கண்டுபிடிக்கக் கடைசி இரண்டு மூன்று வாக்கியங்களே பெரும்பாலும் போதும். “இந்த மசோதாவை ஆதரித்து அமர்கிறேன்” என்பது போன்ற முடிப்பு வாக்கியம் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிடும். நடுவில் வரும் கடுமையான குறைகூறலை மட்டும் பார்த்து ‘எதிர்த்தார்’ என்று எழுதுவது தவறாக முடியலாம். குறை கூறியபடியே ஆதரிப்பது சட்டமன்றங்களில் அன்றாட வழக்கம்.

வாக்கெடுப்பு இரு வகை. குரல் வாக்கெடுப்பில் எண்ணிக்கை கிடையாது. எந்தக் குரல் ஓங்கியது என்று தலைவர் கருதினாரோ அதுவே முடிவு. அப்படி நிறைவேறியதை ‘ஒருமனதாக நிறைவேறியது’ என்று எழுதக் கூடாது. உறுப்பினர்களை எண்ணிக் கணித்த வாக்கெடுப்பில் மட்டுமே எண்ணிக்கை கிடைக்கும். அந்த எண்களையும் அப்படியே எழுதிவிட்டால் போதாது என்பதற்குத் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலேயே தெளிவான எடுத்துக்காட்டு உண்டு.

2017 பிப்ரவரி 18: நம்பிக்கைத் தீர்மானம்

அன்று முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமி தம் அமைச்சரவை மீது நம்பிக்கை கோரும் தீர்மானத்தைப் பேரவையில் கொண்டுவந்தார். பேரவைத் தலைவர் ப. தனபால் அறிவித்த முடிவு: ஆதரவு 122, எதிர்ப்பு 11. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்க்கும் மாணவர், அவையில் எதிர்ப்பு மிகக் குறைவாக இருந்தது என்றே முடிவு கட்டுவார். முதன்மை எதிர்க்கட்சி தி.மு.க. என்பதால், அந்த 11 பேரும் தி.மு.க.வினர் என்றுகூட எண்ணக்கூடும். இரண்டும் தவறு.

இதைச் சரிபார்க்கும் வழி எளியது. பேரவையின் மொத்த இடங்கள் 234. முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதாவின் மறைவால் ஓரிடம் காலியாக இருந்தது. ஆகவே உறுப்பினர்கள் 233 பேர். வாக்களித்தவர்கள் 122, 11 எனச் சேர்த்து 133 பேர். மீதி 100 பேர் எங்கே என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்வரை அந்தச் சுருக்கம் முழுமை பெறாது.

விடை குறிப்பிலேயே இருக்கிறது. தி.மு.க.வுக்கு 89 உறுப்பினர்கள். உடல்நலக் குறைவால் மு. கருணாநிதி வரவில்லை, மற்ற 88 பேரும் அமளிக்குப் பின் பேரவைத் தலைவரின் உத்தரவால் வெளியேற்றப்பட்டனர். காங்கிரசின் 8 பேரும், இந்திய யூனியன் முஸ்லிம் லீகின் ஒரே உறுப்பினரும் வெளிநடப்புச் செய்தனர். ஆக 98. ஆளுங்கட்சியில் ஒருவர் வரவில்லை. பேரவைத் தலைவர் வாக்களிக்கவில்லை. இரு பக்கமும் சமமாக வந்தால்தான் அவருக்கு வாக்கு. இப்போது 98, 1, 1 சேர்ந்து 100 ஆகிறது. கணக்கு நேராகிவிட்டது.

எதிர்த்து வாக்களித்த 11 பேர் ஓ. பன்னீர்செல்வம் அணியினர். அவர்களும் அ.தி.மு.க. உறுப்பினர்களே. எனவே அன்று பதிவான 133 வாக்குகளும் ஒரே கட்சியின் சின்னத்தில் வென்றவர்களின் வாக்குகள். கட்சிப் பெயரை மட்டும் எழுதினால் ‘அ.தி.மு.க. ஆதரவு, அ.தி.மு.க. எதிர்ப்பு’ என்று குழப்பமாக நிற்கும். அணியைக் குறிப்பிடுவது இங்கே கட்டாயம்.

மாற்றம் கோரியவர்கள் யார் என்பதும் கவனிக்கத் தக்கது. நம்பிக்கைத் தீர்மானத்தில் வாசகத்தைத் திருத்த எவரும் முனையவில்லை; வாக்கெடுக்கும் முறையை மாற்றவே கேட்டனர். எதிர்க்கட்சித் தலைவர் மு.க. ஸ்டாலின் ரகசிய வாக்கெடுப்பும், வாக்கெடுப்பை வேறொரு நாளுக்குத் தள்ளி வைப்பதும் கோரினார். ஓ. பன்னீர்செல்வமும் ரகசிய வாக்கெடுப்பைக் கேட்டார். பேரவைத் தலைவர் ஏற்கவில்லை. இவை கோரிக்கைகளே தவிர, அவை வாக்களித்து முடிவு செய்த திருத்தங்கள் அல்ல. ஆகவே ‘கோரிக்கையைத் தலைவர் ஏற்கவில்லை’ என்று எழுதலாம். ‘திருத்தம் தோற்றது’ என்று எழுதக் கூடாது.

இவ்வளவும் சேர்ந்தால் சுருக்கம் இப்படி அமையும்:

“அமைச்சரவை மீது நம்பிக்கை கோரும் தீர்மானம் 122 ஆதரவு, 11 எதிர்ப்பு வாக்குகளுடன் நிறைவேறியது. எதிர்த்தவர்கள் அ.தி.மு.க.வின் ஓ. பன்னீர்செல்வம் அணியினர். ரகசிய வாக்கெடுப்புக் கோரிக்கையைப் பேரவைத் தலைவர் ஏற்கவில்லை. தி.மு.க. உறுப்பினர்கள் 88 பேர் வெளியேற்றப்பட்ட பின்னும், காங்கிரஸ், முஸ்லிம் லீக் உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்த பின்னும் வாக்கெடுப்பு நடந்தது.”

‘வெளியேற்றப்பட்டனர்’, ‘வெளிநடப்புச் செய்தனர்’ என்ற இரண்டு சொற்களையும் ஒன்றாக்கி ‘அவையில் இல்லை’ என்று எழுதினால் இடம் மிச்சமாகும், உண்மை போய்விடும். முன்னது தலைவரின் முடிவு, பின்னது கட்சியின் முடிவு. எந்தப் பக்கம் நியாயம் என்று சொல்வது சுருக்குபவரின் வேலை அன்று. இந்த வேறுபாட்டைக் காப்பது அவரது வேலை.

திருத்தங்களைப் பின்தொடர்தல்

மசோதாக்களில்தான் உண்மையான திருத்தங்கள் வரும். ஒரு சொல்லை மாற்றுவது, ஒரு பிரிவை நீக்குவது, புதிய பிரிவைச் சேர்ப்பது, மசோதாவையே தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொல்வது எனப் பல வகை. உறுப்பினர் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்திருப்பார். ஆனால் பெயர் அழைக்கப்படும்போது அவர் அவையில் இல்லாமலோ, வலியுறுத்தாமலோ போகலாம். அப்போது அந்தத் திருத்தம் முன்மொழியப்படவே இல்லை. முன்மொழிந்த பின் அவையின் அனுமதியுடன் திரும்பப் பெறுவதும் உண்டு. அறிவிப்புப் பட்டியலை மட்டும் பார்த்து ‘பத்துத் திருத்தங்கள் தோற்கடிக்கப்பட்டன’ என்று எழுதுபவர் இதைத் தவறவிடுகிறார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் எதிரே ஏற்பு, தோல்வி, திரும்பப் பெற்றது, முன்மொழியவில்லை என்ற நான்கில் ஒன்று இருக்க வேண்டும்.

பொதுப் பிரிவில் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 விழுக்காடு இடஒதுக்கீடு அளிக்கும் அரசியலமைப்புத் திருத்த மசோதா இதற்கு நல்ல பாடம். இது நாடாளுமன்ற நிகழ்வு என்றாலும் படிக்கும் முறை ஒன்றே. 2019 ஜனவரி 9 அன்று மாநிலங்களவையில், மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று தி.மு.க.வின் கனிமொழி தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரவு 18, எதிர்ப்பு 155, தோற்றது. பிறகு மசோதா 165 ஆதரவு, 7 எதிர்ப்பு வாக்குகளுடன் நிறைவேறியது.

18, 7 என்ற இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரமே இங்கே கவனிக்க வேண்டியது. குழுவுக்கு அனுப்பக் கேட்ட 18 பேரில் குறைந்தது 11 பேர் மசோதாவை எதிர்த்து வாக்களிக்கவில்லை. ‘குழு ஆராயட்டும்’ என்பதும் ‘மசோதா வேண்டாம்’ என்பதும் வெவ்வேறு நிலைகள். அந்த 11 பேர் ஆதரித்தார்களா, வாக்களிக்காமல் இருந்தார்களா என்பதை மொத்த எண்ணிக்கை சொல்லாது. பெயர்ப் பட்டியலைப் பார்த்தே எழுத வேண்டும்.

வெளிநடப்பின் கதையும் இங்கே திரும்ப வருகிறது. அ.தி.மு.க. இரு அவைகளிலும் மசோதாவை எதிர்த்துப் பேசி, வெளிநடப்புச் செய்தது. முந்தைய நாள் மக்களவையில் மசோதா 323க்கு 3 என்ற கணக்கில் நிறைவேறியபோது, அந்த மூன்றில் அ.தி.மு.க. வாக்கு ஒன்றுகூட இல்லை. தி.மு.க. வாக்கும் அதில் இல்லை, காரணம் வேறு. 2014 தேர்தலில் அக்கட்சிக்கு மக்களவையில் ஓரிடமும் கிடைக்கவில்லை. ஆக, ‘எதிர்ப்பு’ நிரலில் ஒரு கட்சி இல்லாததற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: அது ஆதரித்திருக்கலாம், வெளியே போயிருக்கலாம், அவையில் உறுப்பினரே இல்லாதிருக்கலாம்.

அரசியலமைப்புத் திருத்தமாக இருந்தால் இன்னொரு வரி சேர்க்க வேண்டும். வந்து வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும், அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும் ஆதரவு வேண்டும். மாநிலங்களவையில் அன்று 172 பேர் வாக்களித்தனர். மூன்றில் இரண்டு பங்குக்கு 115 போதும். ஆனால் 245 இடங்களில் பாதிக்கு மேல் என்றால் 123. பலரும் முதல் நிபந்தனையை மட்டும் எழுதுகின்றனர். அன்றைய வாக்கெடுப்பில் கடினமானது இரண்டாவதுதான்.

எண்களை எடுக்கும் இடம் பற்றியும் ஒரு எச்சரிக்கை தேவை. மின்னணுப் பலகையில் வாக்கெடுக்கும்போது அவைத் தலைவர் முடிவை ‘திருத்தத்துக்கு உட்பட்டது’ என்று சொல்லியே அறிவிப்பார். பொத்தானைத் தவறாக அழுத்தியவர்களும், பலகையில் வாக்குப் பதிவாகாதவர்களும் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அதனால் மறுநாள் நாளிதழில் வந்த எண்ணும் பின்னர் வெளியான குறிப்பில் உள்ள எண்ணும் ஒன்றிரண்டு வேறுபடலாம். அப்போது குறிப்பில் உள்ளதை எடுத்துக்கொண்டு, முதலில் அறிவிக்கப்பட்ட எண்ணையும் அருகில் குறிப்பிட்டுவிட வேண்டும்.