அரைக் கிலோ சோயா எத்தனை நாளைக்கு வரும்?

காலை நிகழ்ச்சியில் சமையல் பேச்சு எடுத்தால் போதும், இந்தக் கேள்வி வந்துவிடும்: “அரைக் கிலோ சோயாபீன்ஸ் வாங்கினா எவ்வளவு பால் வரும்? அதுலயே தௌஹுவும் செய்யலாமா?” வீட்டில் நாங்கள் நால்வர். வாராவாரம் சோயா ஊறவைப்பதால் என்னிடம் ஒரு கணக்கு இருக்கிறது. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. எதையும் ஊறிய சோயாவில் அளக்காதீர்கள். 100 கிராம் காய்ந்த சோயா ஊறியதும் 220 கிராம் அளவுக்கு வந்துவிடும். கூடியதெல்லாம் தண்ணீர்தான். எனவே கணக்கு முழுவதும் காய்ந்த சோயாவின் எடையில் இருக்கட்டும்.

பாலுக்கு, 100 கிராம் சோயாவை ஊறவைத்து, ஒரு லிட்டர் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டினால், சக்கையிலும் கொதிப்பதிலும் போனது போக சுமார் 900 மில்லி பால் நிற்கும். தௌஹுவுக்குக் கொஞ்சம் கெட்டியான பால் நல்லது. 250 கிராம் சோயாவுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் விடுவேன். அதிலிருந்து 400 கிராமுக்குச் சற்று மேல் கெட்டித் தௌஹு கிடைக்கும். “இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி இவ்வளவுதானா?” என்று தோன்றும். ஆனால் பாலில் பெரும்பகுதி தண்ணீர். அதைப் பிழிந்து எடுத்த மிச்சம்தானே தௌஹு! நன்றாக அழுத்தினால் எடை குறையும், லேசாக அழுத்தினால் கூடும். சத்து ஏறக்குறைய அதேதான்.

இனி எங்கள் வீட்டு வாரம். ஆளுக்கு 200 மில்லி என்றால் ஒரு காலைக்கு 800 மில்லி பால். வாரத்தில் நான்கு நாள் குடிக்கிறோம், மொத்தம் 3.2 லிட்டர், அதாவது சுமார் 350 கிராம் சோயா. தௌஹு இரண்டு இரவுச் சாப்பாட்டுக்கு, 250 கிராம் சோயா. ஆக வாரத்துக்கு 600 கிராம், மாதத்துக்கு இரண்டரைக் கிலோ. அதற்கு மேல் வாங்கி அடுக்குவதில்லை. பழைய சோயா ஊறவும் நேரம் எடுக்கும், பாலும் குறைவாகவே விடும்.

600 கிராமையும் ஒரே நாளில் ஊறவைத்தால் வீண். வீட்டுப் பால் ஐஸ் பெட்டியிலும் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். அதனால் சனிக்கிழமை இரவு 425 கிராம் (தௌஹுவுக்கு 250, ஞாயிறு திங்கள் பாலுக்கு 175); செவ்வாய் இரவு, புதன் வியாழன் பாலுக்கு இன்னொரு 175.

நம் ஊர்ச் சூட்டில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஊறினால் போதும். கூடினால் தண்ணீர் நுரைத்துப் புளிக்கும். காலையில் அரைக்க நேரமில்லையா? தண்ணீரை வடித்து ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஊறியதா என்று பார்க்க ஒன்றை இரண்டாகப் பிளந்தால், உள்பக்கம் சமமாக ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். நடுவில் குழிந்து மஞ்சளாக இருந்தால் இன்னும் ஊறட்டும்.

கொதிக்க வைக்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். பால் உண்மையில் கொதிப்பதற்கு முன்பே நுரை பொங்கி மேலே வரும். அதைப் பார்த்து அடுப்பை அணைத்தால் பால் வேகாது; பச்சை வாடை அடிக்கும், வயிற்றையும் கலக்கும். தீயைக் குறைத்து, நுரை அடங்கியபின் பத்து நிமிடம் கிண்டியபடி கொதிக்க விடுங்கள்.

தௌஹு உறைய, உணவுக்கான ஜிப்சம் வேண்டும். சுவருக்குப் பூசுவது ஆகாது. 250 கிராம் சோயாவுக்கு ஐந்தாறு கிராமை அரைக் கப் தண்ணீரில் கரைத்து, அடுப்பிலிருந்து இறக்கிச் சற்றே சூடு தணிந்த பாலில் ஊற்றி, மெதுவாக ஒரு சுற்றுக் கிண்டி மூடுங்கள். கால் மணி நேரத்தில் திரிந்து, தெளிந்த மஞ்சள் நீர் பிரியும். அந்த நீர் இன்னும் பால்போல் வெளுத்திருந்தால், உறையாத சத்து அதில் போகிறது என்று அர்த்தம். ஒரு சிட்டிகை ஜிப்சத்தைக் கரைத்துச் சேருங்கள். பிறகு துணியில் கட்டி, மேலே கனம் வையுங்கள்.

கடைசியாகச் சக்கை. சனிக்கிழமை ஊறவைத்ததில் மட்டும் அரைக் கிலோ அளவுக்கு ஈரச் சக்கை மிஞ்சும். வேகுமுன் வடிகட்டியதால் அது பச்சைதான். முதலில் ஆவியில் வேகவைக்க வேண்டும். அம்மா அதைப் பருப்பு வடை மாவில் பாதிக்குப் பாதி சேர்ப்பார். மீதியை உறைபெட்டியில் வைத்துவிடுவோம்; வெளியே இருந்தால் அன்றே புளித்துவிடும்.

அரைக் கிலோ எத்தனை நாளைக்கு? பால் மட்டும் என்றால், நாலு பேருக்கு ஐந்தரை நாள். தௌஹுவும் வேண்டுமென்றால் 100 கிராம் கூடுதலாக வாங்குங்கள், வாரம் ஓடிவிடும்.